நகைச் சீட்டில் சேரும் முன்: போனஸ் தவணையைப் பில்லோடு சேர்த்துப் பாருங்கள்

மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு நகைக்கடையில் பில் போடும் மேசையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். சீட்டு முதிர்ந்து நகை எடுக்க வருகிறவர்களின் கணக்கு அந்த மேசையில்தான் முடியும். ஒரு அக்காவை இன்னும் மறக்கவில்லை. இட்லிக் கடை வைத்திருந்தவர். மகளுக்கு ஒரு சவரனில் சங்கிலி எடுக்க வேண்டும் என்று மாதம் 5,000 ரூபாய் வீதம் 11 மாதம் கட்டியிருந்தார். சங்கிலியைப் பிடித்துப்போய்த் தேர்ந்தெடுத்து, மீதிப் பணம் 22,000 ஆகும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு எடுத்து வந்திருந்தார். பில் 27,530 என்று வந்தது.

"ஏம்மா, ஒரு மாசம் தவறாமக் கட்டினேனே. சேதாரம் கிடையாதுன்னுதானே சொன்னாங்க?" என்று கேட்டார்.

"உங்க சீட்டுல சேர்ந்த எடைக்கு மட்டுந்தான்க்கா சேதாரம் இல்ல. மேல எடுக்கிற எடைக்கு உண்டு" என்று சொன்னேன். அட்டையின் பின்புறம் அது அச்சிட்டிருந்தது. அவர் அதைப் படித்ததில்லை; படித்துச் சொல்ல அவருக்கு யாரும் இருந்ததில்லை. அன்று அவர் சங்கிலியை வைத்துவிட்டு, எடை குறைவான வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார்.

முதன்முதலாக நகைச் சீட்டில் சேர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையில் போனஸைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். நீங்கள் பில்லிலிருந்து தொடங்குங்கள்.

முதலில், எதில் கையெழுத்துப் போடுகிறோம்?

பேச்சில் சீட்டு என்கிறோம். சட்டத்தில் இது சீட்டு இல்லை. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் நடக்கும் பதிவுபெற்ற சீட்டில், நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் வைக்க வேண்டும். நகைக்கடைத் திட்டத்தில் அப்படி ஒரு பிணை இல்லை. இது வங்கி வைப்பும் இல்லை. வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, இதற்கு அதுவும் கிடையாது.

நீங்கள் கட்டுவது, பின்னால் வாங்கப்போகும் நகைக்கு இப்போதே கொடுக்கும் முன்பணம். தவணை 11 மாதம் என்று இருப்பதற்கும் இதுதான் காரணம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தை ஒட்டி 2014இல் வந்த வைப்புத்தொகை விதிகளின்படி, ஒரு கம்பெனி பொருளுக்காக வாங்கும் முன்பணம் 365 நாளுக்குள் அந்தப் பொருளாகக் கணக்குத் தீர்ந்துவிட்டால் அது பொதுமக்களிடம் வாங்கிய வைப்புத்தொகை ஆகாது. அதைத் தாண்டிவிட்டால் வைப்புத்தொகைக்கு உரிய கட்டுப்பாடுகள் எல்லாம் வந்து சேரும். அதற்கு முன் 18 மாதம், 24 மாதம், 36 மாதம் என்றெல்லாம் திட்டங்கள் இருந்தன. விதி வந்த பிறகு கடைகள் 11 தவணைக்கு இறங்கின. பதினொன்றாவது தவணை கட்டியதும் வந்து நகை எடுங்கள் என்று கடையிலிருந்து ஓயாமல் போன் வருகிறது அல்லவா, அதற்குப் பின்னால் இந்த 365 நாள் இருக்கிறது.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முடிவில் பணமாகத் திருப்பிக் கேட்கும் வழி பெரும்பாலும் இல்லை. நகையாகத்தான் எடுக்க வேண்டும், அதுவும் அந்தக் கடையிலேயே. இரண்டாவது, அந்த 11 மாதமும் உங்கள் பணம் கடையின் வியாபாரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கடை நொடித்துப்போனால் அடமானம் எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவராக வரிசையில் நிற்பீர்கள். 2017இல் சென்னையின் பழைய நகைக்கடை ஒன்று மூடப்பட்டபோது சீட்டுக் கட்டியவர்கள் அந்த நிலையில்தான் நின்றார்கள்.

எந்த வகைத் திட்டம் என்று கேளுங்கள்

கடைக்குக் கடை பெயர் மாறும். உள்ளே பார்த்தால் இரண்டே வகைதான். ஒன்று ரொக்கத் திட்டம்: மாதா மாதம் கட்டுவது ரூபாயாகவே இருக்கும், முடிவில் ஒரு போனஸ் தவணையைக் கடை சேர்க்கும், நகை எடுக்கும் நாளின் விலையில் வாங்குவீர்கள். மற்றொன்று எடைத் திட்டம்: ஒவ்வொரு தவணையும் கட்டிய அன்றைய விலையில் கிராமாக மாற்றி உங்கள் பெயரில் எழுதப்படும், முடிவில் அந்த எடைக்கு நகை எடுக்கும்போது ஒரு குறிப்பிட்ட சதவீதம் வரை சேதாரம் போடமாட்டார்கள். இந்த வகையில் போனஸ் என்ற பெயரில் எதுவும் வராமல் போகலாம். சேதாரத் தள்ளுபடிதான் போனஸ்.

கவுண்டரில் இருப்பவர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். "இது ரூபாய்ல சேருதா, கிராம்ல சேருதா?" என்று நேராகக் கேளுங்கள். ஒரே கடையில் இரண்டு வகையும் இருக்கும், அட்டையின் நிறம் மட்டும் வேறாக இருக்கும்.

போனஸ் உண்மையில் எவ்வளவு?

ரொக்கத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 5,000, 11 தவணை, மொத்தம் 55,000. ஒரு முழுத் தவணை போனஸ், 5,000. கடை 60,000 ரூபாய்க்கு நகை தரும்.

5,000 ரூபாய் 55,000-க்கு 9 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 55,000-மும் ஆரம்பத்திலிருந்து கடையிடம் இருக்கவில்லை. முதல் தவணை 11 மாதம் இருந்தது, கடைசித் தவணை ஒரே மாதம்தான் இருந்தது. சராசரியாகப் பார்த்தால் பணம் 6 மாதம் கடையில் கிடந்திருக்கிறது. 6 மாதத்துக்கு 9 சதவீதம் என்றால் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 18 சதவீதம். நகை எடுப்பதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் சராசரி 7 மாதமாகி, அது 15 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கும். அரைத் தவணை போனஸ் தரும் கடையில் இந்த எண்கள் பாதியாகிவிடும்.

முழுத் தவணை போனஸ் கொடுப்பது வங்கித் தொடர் வைப்பின் வட்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று விற்பனையாளர் சொன்னால், அந்தக் கணக்கு பொய் இல்லை. ஆனால் கணக்கு அங்கே பாதிதான் முடிந்திருக்கிறது. வங்கி வட்டியைக் கையில் வாங்கி எங்கே வேண்டுமானாலும் செலவழிக்கலாம். போனஸை அந்தக் கடையின் பில்லில் மட்டும்தான் செலவழிக்க முடியும். அந்தப் பில்லில் சேதாரம் எவ்வளவு என்று எழுதுவது கடைதான்.

சேதாரத்தை வைத்துப் பாருங்கள்

நகை செய்யும்போது அறுத்து, அரம்போட்டு, உருக்கி வீணாகும் தங்கத்துக்கு என்று தொடங்கிய பெயர் சேதாரம். இன்று அது கடையின் கூலி, லாபம் எல்லாம் சேர்ந்த ஒரு சதவீதமாக இருக்கிறது. செய்கூலி இல்லை என்று விளம்பரம் செய்யும் கடையில் அதுவும் இதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதே எடை, ஏறக்குறைய அதே வேலைப்பாடு உள்ள சங்கிலிக்கு ஒரு கடையில் 8 சதவீதம் போடுவார்கள், அடுத்த கடையில் 14 போடுவார்கள். 22 கேரட் தங்கத்தின் விலையை எல்லாக் கடையிலும் பலகையில் எழுதியிருப்பார்கள், ஊருக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் வருவது சேதாரத்தில்.

எண் எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, நகை எடுக்கும் நாளில் ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சீட்டுக் கட்டிய கடையில் பிடித்த சங்கிலிக்குச் சேதாரம் 14 சதவீதம். அதன்மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக ஒரு கிராம் நகையாக வரும்போது 11,742 ரூபாய் ஆகிறது. உங்கள் 60,000-க்கு 5.11 கிராம் கிடைக்கும்.

இப்போது அதே 5,000 ரூபாயை 11 மாதம் வங்கித் தொடர் வைப்பில் போட்டீர்கள், வட்டி 6.5 சதவீதம் என்று வையுங்கள். வட்டி ஏறக்குறைய 1,800 வரும், கையில் 56,800. சேதாரம் 8 சதவீதம் போடும் கடைக்குப் போகிறீர்கள். அங்கே ஒரு கிராம் நகை வரியோடு 11,124 ரூபாய். கிடைப்பது 5.1 கிராம்.

இரண்டும் ஒன்றுதான். 6 சதவீதச் சேதார வித்தியாசம் முழுத் தவணை போனஸைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டது. வித்தியாசம் அதற்கும் மேலே போனால் சீட்டுக் கட்டியவருக்கு நஷ்டம். குறைவாக இருந்தால் கட்டியவருக்கு லாபம், அதை மறுக்கவில்லை. அரைத் தவணை போனஸ் என்றால் நஷ்டக் கோடு இன்னும் சீக்கிரமே வந்துவிடும்.

ஆகவே சேரும் முன் செய்ய வேண்டியது ஒன்று. சீட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன், நகை வாங்குகிறவராக மூன்று கடைகளில் ஏறி இறங்குங்கள். நீங்கள் கடைசியில் எடுக்க நினைக்கும் அதே சாமானை, சங்கிலியோ தோடோ வளையலோ, அதே எடையில் காட்டச் சொல்லி, சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி தனியாக உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால் பதில் தெளிவாக வரும், இதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். போனஸ் கணக்கைப் போடுவது அதற்குப் பிறகுதான்.

எடைத் திட்டத்தில் எங்கே வழுக்கும்?

அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன். அவருடையது எடைத் திட்டம். அந்த வருடம் விலை ஏறுமுகம். முதல் தவணை கட்டும்போது ஒரு கிராம் 9,000, பிறகு மாதம் நூறு நூறாக ஏறிப் பதினொன்றாவது தவணையில் 10,000 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 55,000 ரூபாய்க்கு அவர் அட்டையில் 5.796 கிராம் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் கடைசி நாளின் விலையில் வாங்கியிருந்தால் 5.5 கிராம்தான். ஆரம்பத் தவணைகள் குறைந்த விலையில் ஏறியதால் வந்த லாபம் இது. விலை இறங்கும் வருடத்தில் இதே கணக்கு அப்படியே தலைகீழாகும். அப்போது ரொக்கத் திட்டக்காரர்தான் குறைந்த விலையில் வாங்குவார்.

சேர்ந்த எடைக்குள்ளேயே நகை எடுத்திருந்தால் அவருக்கு நல்ல லாபம். சேதாரம் இல்லை, வரி மட்டும் 1,650 ரூபாய். 14 சதவீதச் சேதாரம் உள்ள சாமானை 5.796 கிராமுக்கு 56,650 ரூபாயில் எடுத்திருப்பார். மேலே பார்த்த ரொக்கத் திட்டத்தில் 55,000-க்கு 5.11 கிராம்தான் வந்தது. விலை ஏறும் வருடத்தில் எடைத் திட்டம் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று இதிலேயே தெரியும்.

ஆனால் அவர் கேட்டது ஒரு சவரன், 8 கிராம். கூடுதல் 2.204 கிராமுக்கு அன்றைய விலையில் 22,040 ரூபாய். இதைத்தான் அவர் வீட்டில் கணக்குப் போட்டு எடுத்து வந்தார். அந்தக் கூடுதல் எடைக்கு 14 சதவீதச் சேதாரம் 3,086. பிறகு, கட்டிய 55,000-மும் சேர்ந்த மொத்த மதிப்பான 80,126 ரூபாய்க்கும் 3 சதவீத வரி 2,404. சேர்த்தால் 27,530. கடை ஏமாற்றவில்லை, விதிப்படிதான் போட்டது. ஆனால் 11 மாதம் தவணை வாங்கிய ஒருவரும் இந்த விதியை அவருக்கு வாயால் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

ஆகையால் எடைத் திட்டத்தில் சேர்கிறவர்கள் எடுக்கப்போகும் நகையின் எடையை முதலிலேயே முடிவு செய்து, அதற்குத் தக்கபடி தவணையை வையுங்கள். ஒரு சவரன் வேண்டும் என்றால், மேலே கணக்குக்காக வைத்துக்கொண்ட விலைகளில் மாதம் 7,000 கட்டுவது சரியாக இருக்கும். அதே விலைகளில் 5,000 மட்டுமே முடியும் என்றால் எடுக்கும் நகை 5 முதல் 6 கிராமுக்குள் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழுக்கல், தள்ளுபடிக்கு உள்ள மேல்வரம்பு. "18 சதவீதம் வரை சேதாரம் இல்லை" என்று அட்டையில் இருந்தால், 22 சதவீதம் உள்ள நகைக்கு மீதி 4 சதவீதத்தை நீங்கள் கட்ட வேண்டும். கோயில் நகை, நகாசு வேலை, கல் பதித்த சாமான்களில் இந்த வரம்பைத் தாண்டுவது வழக்கம். சங்கிலி, சாதா வளையலில் தாண்டுவது அரிது. நீங்கள் எடுக்கப்போவது எந்த வகை என்பதைப் பொறுத்து, 18 என்பது தாராளமாகவும் இருக்கலாம், போதாமலும் இருக்கலாம்.

கையெழுத்துக்கு முன் அட்டையின் பின்பக்கம்

விதிகள் பொடி எழுத்தில் இருக்கும். போட்டோ எடுத்து, வீட்டில் பெரிதாக்கிப் படியுங்கள். நான் பார்த்தவரை சண்டை வந்த இடங்கள் சில குறிப்பிட்ட வரிகளில்தான்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பது முதல் வரி. பல கடைகளில் ஒரு மாதம் தவறினாலே போனஸ் போய்விடும், அல்லது முதிர்வு நாள் அத்தனை நாள் தள்ளிப்போகும். எடைத் திட்டத்தில் தாமதமாகக் கட்டினால் கட்டிய நாளின் விலையில்தான் எடை ஏறும். கூலி வாரா வாரம் வருகிறவர்கள், சம்பளம் நாள் தவறுகிறவர்கள் இந்த வரியைப் படிக்காமல் சேர வேண்டாம்.

இடையில் நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்பது அடுத்தது. பெரும்பாலும், கட்டிய தொகைக்கு நகை, போனஸோ தள்ளுபடியோ இல்லை என்று இருக்கும். சேரும்போது கொடுத்த பரிசுப் பொருளின் விலையைக் கழிப்பார்கள். ஒரு குக்கரோ பையோ இலவசம் என்று வாங்கி வைத்தவர்கள், மூன்றாவது மாதம் விலகும்போது அதன் விலை பில்லில் வருவதைக் கண்டு அதிர்ந்துபோயிருக்கிறார்கள். மருத்துவச் செலவு, படிப்புக் கட்டணம் என்று திடீரென்று தேவைப்படக்கூடிய பணத்தை இதில் போடவே வேண்டாம். ரொக்கமாகத் திரும்ப எடுப்பது இதில் மிகக் கடினம்.

நாணயம் எடுக்கலாமா என்று கேளுங்கள். சேதாரமே இல்லாமல் தங்கக் காசாக எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். பல திட்டங்களில் நாணயத்துக்கும் கட்டிக்கும் போனஸ் செல்லாது. அதே போல, அட்சய திருதியைக்கோ ஆடிக்கோ கடை அறிவிக்கும் தள்ளுபடியோடு சீட்டுத் தள்ளுபடியையும் சேர்த்துத் தரமாட்டார்கள். இரண்டில் எது அதிகம் என்று அன்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க விடுவார்களா என்றும் கேட்டு வையுங்கள்.

நியமனதாரர் பெயரை எழுதுங்கள். இதைக் காலியாக விட்டுவிடுகிறவர்கள் மிகப் பலர். கட்டியவர் இறந்துபோய், பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிட வேலை அது.

கடை எப்படிப்பட்டது என்பதையும் ஒரு முறை பாருங்கள். எவ்வளவு பெரிய கடை என்பதை விட, சொன்ன நாளில் நகை கொடுத்து வருகிறதா என்பதுதான் முக்கியம். சீட்டு முடிந்தவர்களிடம் "மாடல் வரட்டும், அடுத்த வாரம் வாங்க" என்று தள்ளுவது, கண்ணாடிப் பெட்டிகளில் சாமான் குறைவது, வேலையாட்கள் சம்பளம் வராமல் நிற்பது, இவை கடை தள்ளாடுகிறது என்பதற்கு அடையாளம். மாதம் இத்தனை சதவீதம் வட்டி தருகிறோம், பணமாகவே திருப்பித் தருகிறோம் என்று ஒரு நகைக்கடை சொன்னால் அது நகைச் சீட்டே இல்லை. 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் அப்படிப்பட்டவற்றுக்காகத்தான் வந்தது. அங்கே சேர வேண்டாம்.

கட்டி வரும் மாதங்களில்

பணத்தைக் கடையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கோ, கடைக் கவுண்டரிலோ மட்டும் கட்டுங்கள். வீட்டுக்கு வந்து வசூலிக்கும் ஊழியரின் சொந்த எண்ணுக்கு ஜிபே போட்டுவிட்டு, அவர் வேலையை விட்டுப் போனபின் ரசீது இல்லாமல் நின்றவர்கள் உண்டு. ஒவ்வொரு தவணைக்கும் ரசீதோ குறுஞ்செய்தியோ வர வேண்டும். எடைத் திட்டமாக இருந்தால் அதில் அன்றைய விலையும் ஏறிய கிராமும் மூன்று தசமம் வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே கேளுங்கள். பத்து மாதம் கழித்துப் பழைய விலையை நிரூபிப்பது கடினம்.

பாதியில் கடை மூடிவிட்டால் தாமதிக்காதீர்கள். அட்டை, ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரங்களோடு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது; சொத்துகளை முடக்கி ஏலம் விட அது வழி செய்கிறது. ஆனால் பணம் கைக்கு வர ஆண்டுகள் ஆகும். கடை நடந்துகொண்டே சொன்னதைத் தர மறுத்தால் அது வேறு வழக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

நகை எடுக்கும் நாள்

திட்டம் முடிந்தபின் எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று அட்டையில் இருக்கும், அதற்குள் ஒரு சாதாரண வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். அட்சய திருதியை அன்று எங்கள் மேசையில் ஒரு பில்லைப் பொறுமையாக விளக்க யாருக்கும் நேரம் இருக்காது. சேதாரம் பற்றி நீங்கள் கேட்டு எழுதி வைத்த தாளை எடுத்துப் போங்கள். அன்று நீங்கள் கேட்டது 10, இன்று அதே வகைச் சங்கிலிக்கு 15 என்கிறார்கள் என்றால், மேலாளரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சீட்டுக்காரர் எப்படியும் இங்கேதான் எடுத்தாக வேண்டும் என்பது விற்பனையாளருக்குத் தெரியும், அதனால் பேரம் பேசக் கூச்சப்பட வேண்டாம். வேறு மாடல்கள், வேறு சேதாரம், எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள்.

நகையில் மூன்று முத்திரைகள் இருக்க வேண்டும்: இந்தியத் தர அமைவனமான பி.ஐ.எஸ்.ஸின் சின்னம், 22 கேரட்டுக்கு 916 என்ற தரம், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்க எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. செல்போனில் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த வகை நகை, என்ன தரம், எங்கே சோதித்தது என்று காட்டும். கடையிலேயே நின்று போட்டுப் பாருங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

கல் வைத்த நகையில் மொத்த எடை வேறு, தங்கத்தின் எடை வேறு. சீட்டில் சேர்ந்த கிராம் தங்க எடையில்தான் கழிய வேண்டும். கல்லின் விலை பில்லில் தனியாகக் காட்டப்பட வேண்டும். கல்லின் எடையையும் தங்க விலையில் சேர்த்துவிடும் பிழை பில்லில் நடக்கும், வேண்டுமென்றே இல்லாவிட்டாலும் நடக்கும்.

பில்லை அச்சடிக்கும் முன் திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி ஒரு வரியாகப் பாருங்கள். தங்க எடை, கிராம் விலை, சேதாரம், செய்கூலி, கல், ஹால்மார்க் கட்டணம், ஜி.எஸ்.டி., கழித்த சீட்டுத் தொகை, போனஸ். போனஸ் தனி வரியாக, கடை சொன்ன தொகையில் இருக்க வேண்டும். எங்கள் கடையில் ஒரு முறை ஒரு பெரியவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், போனஸைச் சேதாரத்திலிருந்து கழித்திருப்பதைக் கண்டுபிடித்தார். அவர் எடுத்த நகையின் சேதாரம் போனஸை விடக் குறைவு, ஆகவே மீதி போனஸ் அவருக்கு வராமலே போயிருந்தது. விதியில் அப்படி இல்லை என்று அட்டையைக் காட்டினார். பில்லை மாற்றிப் போட்டோம்.

கிளம்பும் முன், முடிந்த அட்டையில் கணக்கு முடிந்தது என்று எழுதி முத்திரை போட்டு ஒரு நகலைக் கேட்டு வாங்குங்கள். பில்லை நகைப் பெட்டிக்குள் வைக்காமல் தனியாக வையுங்கள். பிற்பாடு இதே நகையை மாற்றும்போது அதன் எடையும் தரமும் எழுதிய இந்தக் காகிதம் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.